‘என்ன தெரியுது?’ – ஒரு பணிநிறைவு உரையும் ஐந்து பாடவேளைகளும்

சனவரி மாதத்தில் ஒருநாள் மதிய இடைவேளையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். “சார், எங்கப்பா வேலை செய்யுற ஆலையில சூப்பர்வைசர் ரிட்டயர் ஆகுறாரு. விழாவுல அப்பாவைப் பேசச் சொல்லிட்டாங்களாம். உங்ககிட்ட நாலு வார்த்தை எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாரு” என்றான்.

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரவைப் பருவம் தொடங்கிவிட்டால் கரும்பு லாரிக்குப் பின்னால் மிதிவண்டியில் வருவதே எங்கள் மாணவர்கள் பலருக்குப் பள்ளிக்கு வரும் வழி. அவர்களில் சிலரின் வீடுகளில் ஆலைத் தொழிலாளர்கள் உண்டு. இந்த மாணவனின் தந்தை எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பாகு காய்ச்சும் பகுதியில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறார். ஓய்வுபெறவிருந்த சூப்பர்வைசருக்கு முப்பத்து நான்கு ஆண்டுப் பணி. ஆலை எது, இவர்கள் யார் என்பதை இந்தக் கட்டுரையில் சொல்லாமல் விடுகிறேன்.

நாலு வார்த்தைதானே என்று அன்றிரவே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏறத்தாழ அறுநூறு சொற்கள். கடமை, கண்ணியம், கட்டுப்பாடு எல்லாம் இருந்தன. தன்னை உருக்கி ஒளி தரும் மெழுகுவர்த்தி இருந்தது. நிழல் தரும் ஆலமரமும் இருந்தது. தமிழாசிரியராகப் பல மேடைகளில் இதைச் செய்து பழகிய கை.

இரண்டு நாள் கழித்து, வார விடுமுறையில் அந்தத் தந்தையே பள்ளிக்கு வந்தார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். “ரொம்ப நல்லா இருக்குங்க சார். ஆனா நாலஞ்சு தடவை படிச்சுப் பார்த்துட்டேன். இதுல அவரு எங்க இருக்காருன்னுதான் தெரியலைங்க” என்றார். குறை சொல்லும் குரலில் அல்ல, தனக்குத்தான் புரியவில்லையோ என்ற தயக்கத்தோடு சொன்னார். அதனால்தான் அது எனக்கு அதிகமாக உறைத்தது.

விழாவுக்கு இரண்டு வாரம் இருந்தது. பாடநூலில் ‘மொழியை ஆள்வோம்’ பகுதிக்கு ஒதுக்கியிருந்த ஐந்து பாடவேளைகளை இந்த உரைக்கு எடுத்துக்கொண்டேன். அந்தத் தாளையே வகுப்பில் வைத்துத் தொடங்குவது என்று முடிவு செய்தேன்.

முதல் பாடவேளையில் என் உரையைக் கரும்பலகையில் பகுதி பகுதியாக எழுதினேன். யார் எழுதியது என்று முதலில் சொல்லவில்லை. ஒரே ஒரு சோதனை வைத்தோம். ஒவ்வொரு வாக்கியத்திலும் சூப்பர்வைசர் இருக்கும் இடத்தில் வேறொருவரை வைத்துப் படிக்க வேண்டும். எங்கள் தலைமையாசிரியரை வைத்துப் பார்த்தார்கள், பொருந்தியது. ஒரு கிரிக்கெட் வீரரை வைத்தார்கள், அதுவும் பொருந்தியது. பின்வரிசை மாணவன் ஒருவன் தன் தாத்தாவை வைத்தான். வகுப்பே சிரித்தது, ஆனால் வாக்கியம் அசையாமல் நின்றது. வேறொருவருக்கும் பொருந்திய வாக்கியத்தை அடித்துவிட வேண்டும் என்பது விதி. முப்பத்தெட்டு வாக்கியங்களில் மூன்று மிஞ்சின. பகுதியின் பெயர் ஒன்றில் இருந்தது, முப்பத்து நான்கு ஆண்டு என்ற எண் ஒன்றில் இருந்தது, அவர் மனைவிக்கு நன்றி சொன்னது மற்றொன்று. “சார், இதை எழுதுனவருக்கு அந்த ஆளையே தெரியாதுபோல” என்றாள் ஒரு மாணவி. நான்தான் எழுதினேன் என்று அப்போது சொன்னேன்.

பாராட்டு என்றால் பின் எப்படி இருக்க வேண்டும்? இதற்கு நாங்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. தருமபுரிதான் சங்க காலத் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். புறநானூற்றின் 87ஆம் பாடலில் ஔவையார் பகைவரைப் பார்த்துப் பேசுகிறார். எங்களிடமும் ஒரு வீரன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு, அவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு ஒரு தச்சுப் பட்டறைக் கணக்கைச் சொல்கிறார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன், ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அந்தச் சக்கரம் எப்படி இருக்கும்? அவன் அப்படி இருப்பான். வீரம், வலிமை என்ற சொற்களே அந்த ஒப்புமையில் இல்லை. எட்டு, ஒன்று, ஒரு நாள், ஒரு மாதம், இவ்வளவுதான். பட்டறை வேலை தெரிந்தவருக்கு அந்தக் கணக்கு உடனே விளங்கும், தெரியாதவரும் யோசித்தால் பிடித்துக்கொள்வார். தொழிற்சாலையில் பேசப்போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான மாதிரி எனக்குத் தெரியவில்லை.

அதே ஔவையார் அதே அஞ்சி இறந்தபின் பாடியது 235ஆம் பாடல். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தபோது நான் திட்டமிடாத ஓர் இலக்கணப் பாடம் கிடைத்தது. 87இல் ‘உளன்’ என்கிறார், அதாவது இருக்கிறான். 235இல் ‘மன்’ என்ற இடைச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. கள் சிறிதாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், இனி அது இல்லை, என்கிற பொருளில். மன் என்பதற்குத் தொல்காப்பியர் கூறும் மூன்று பொருள்களில் முதலாவதான கழிவு இதுதான். என் அறுநூறு சொல் உரையை இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தோம். “அன்பே உருவாக இருந்தார்”, “அனைவரையும் அரவணைத்தார்”, “எளிமையாக வாழ்ந்தார்”. பணி ஓய்வுபெற்று மாலையோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு நான் இரங்கல் உரை எழுதியிருக்கிறேன்! நம் பணிநிறைவு விழாக்கள் பலவற்றில் இந்த வழுக்கல் நடக்கிறது. மாணவர்களே ஒரு வழி கண்டார்கள். செய்து முடித்த வேலையை இறந்த காலத்தில் சொல்லலாம். அவருடைய குணத்தையும் பழக்கத்தையும் நிகழ்காலத்தில்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் பாடவேளைக்கு அந்தத் தந்தையை வகுப்புக்கு அழைத்தோம். இரவுப் பணி முடிந்து, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, தூங்காமல் வந்திருந்தார். மாணவர்கள் முதலில் கேட்டவை நாம் எல்லாரும் கேட்கும் கேள்விகள். அவர் எப்படிப்பட்டவர்? “தங்கமான மனுஷங்க.” அவரிடம் உங்களுக்குப் பிடித்த குணம் எது? “எல்லாமே நல்ல குணந்தாங்க.” பத்து நிமிடம் இப்படியே போனது. கேள்வி பெயரடையைக் கேட்டால் விடையும் பெயரடையாகத்தான் வரும் என்பதை நான் அங்கேதான் கவனித்தேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்தாள். “அவரு உங்களைத் திட்டுன ஒரு நாளைச் சொல்லுங்க மாமா” என்றாள். அவர் சிரித்துவிட்டார். அதன்பின் மணி அடிக்கும்வரை அவரை யாரும் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள, அவருடைய வேலையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கரும்பைப் பிழிந்த சாற்றில் சுண்ணாம்பும் கந்தக வாயுவும் சேர்த்துத் தெளிய வைக்கிறார்கள். தெளிந்த சாற்றைச் சுண்டவைத்தால் கெட்டியான பாகு கிடைக்கிறது. அந்தப் பாகு ‘பான்’ என்று ஆலையில் சொல்லப்படும் பெரிய மூடிய பாத்திரத்துக்குப் போகிறது. அதற்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவதால், பாகு ஏறத்தாழ 65–70 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். அதிகச் சூட்டில் கொதித்தால் சர்க்கரை நிறம் மாறிவிடும். பாகு தகுந்த பக்குவத்துக்கு வந்ததும் நுண்ணிய சர்க்கரைத் துகளை விதையாக இடுகிறார்கள். அதன்பின் புதுப் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, அந்த விதைகளை மட்டுமே வளர்க்க வேண்டும். பாகு அளவுக்கு மீறிச் செறிந்துவிட்டால், யாரும் விதைக்காத புதுப் பொடிமணிகள் தாமாகவே தோன்றிவிடும். இவற்றுக்கு ஆலையில் ‘ஃபால்ஸ் கிரெயின்’ என்று பெயர், பொய்மணி எனலாம். பிறகு சுழல் இயந்திரத்தில் சர்க்கரையையும் பாகையும் பிரிக்கும்போது இந்தப் பொடி சல்லடை வழியே கழிவுப் பாகோடு ஓடிவிடும். அல்லது பெரிய மணிகளுக்கு நடுவில் அடைத்துக்கொண்டு பாகைப் பிரியவிடாது.

பொய்மணி தோன்றிவிட்டதா என்று எப்படித் தெரியும்? பானிலிருந்து ஒரு நீண்ட கம்பியின் வழியே கொஞ்சம் பாகை வெளியே எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். மணிகள் ஒரே அளவாக, இடையில் தெளிவாக இருந்தால் சரி. இடையில் தூசு படிந்ததுபோல் இருந்தால் பொய்மணி. உடனே கவனித்தால் சுடுநீர் விட்டுப் பொடியை மட்டும் கரைத்துவிடலாம். அதற்கு நேரமும் நீராவியும் செலவாகும். பொடிமணிகள் வளர்ந்துவிட்டால் அதுவும் கடினம்.

வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாள் இரவில் இவர் மீட்டர்களைப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லியிருக்கிறார். சூப்பர்வைசர் மறுப்புச் சொல்லவில்லை. பாகை எடுத்துக் கண்ணாடியில் தடவி இவர் கையில் கொடுத்து, “என்ன தெரியுது?” என்று கேட்டிருக்கிறார். இவருக்கு எதுவும் தெரியவில்லை. மூன்று முறை பார்க்க வைத்திருக்கிறார். இவரே கண்டுபிடிக்கும்வரை விடையைச் சொல்லவில்லை. கண்டுபிடித்தபின் திட்டு கிடைத்தது. பார்க்காமலேயே சரி என்று சொன்னதற்காக.

எங்கள் உரைக்கான சக்கரம் இதுதான் என்று மாணவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. பெயர் மாற்றும் சோதனையை வைத்துப் பார்த்தார்கள். தலைமையாசிரியரும் பொருந்தவில்லை, தாத்தாவும் பொருந்தவில்லை.

மூன்றாம் பாடவேளைதான் கடினமாக இருந்தது. சூப்பர்வைசரின் பணிநிறைவு விழா என்பது நண்பர் ஒருவரின் விழா போன்றதன்று. அவர் நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்றவர். விழாக் கூடத்தில் இரண்டு தரப்பும் இருக்கும். மேடையில் அவருக்கு வேலை சொன்னவர்கள், எதிரில் அவர் வேலை சொன்னவர்கள். மூன்றாவதாக அவர் மனைவி, பிள்ளைகள். முப்பத்து நான்கு ஆண்டு அவர் எங்கே போய்வந்தார் என்பதை நேரில் ஒருநாளும் பார்க்காதவர்கள் அவர்கள்தாம். ஒரே உரை இந்த மூவருக்கும் கேட்க வேண்டும். தொழிலாளிக்குத் தெரிந்த செய்தியை மனைவிக்கும் விளங்கும்படி ஒரு வாக்கியத்தில் விளக்க வேண்டும், அதை விளக்கும்போது தொழிலாளிக்குச் சலிப்பு வரக் கூடாது.

அந்தத் தந்தைக்கு ஒரு வருத்தமும் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் பேருந்து தவறிப் பத்து நிமிடம் தாமதமாகப் போனபோது சூப்பர்வைசர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒருநாள் கூலி போயிற்று. இதைச் சொல்லலாமா? வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. உண்மையைத்தான் பேச வேண்டும் என்றது ஒரு பக்கம். விழாவில் போய் இதையா பேசுவது என்றது மறுபக்கம். நீண்ட வாதத்துக்குப் பின் ஒரு கேள்வியில் வந்து நின்றார்கள். இதைச் சொன்னால் அவர் எழுந்து விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வருமா? வருமென்றால் அது அந்த மேடைக்கு உரியதன்று, இருவர் மட்டும் பேசித் தீர்க்க வேண்டியது. அதற்காக அவரை எப்போதும் சிரித்த முகத்தோடு இருந்தவராகக் காட்டினால், எதிரில் இருக்கும் தொழிலாளர்கள் அந்த நொடியிலிருந்து பேச்சை நம்ப மாட்டார்கள். கண்டிப்பு தெரிய வேண்டும், கணக்குத் தீர்ப்பது தெரியக் கூடாது. உரையின் இரண்டாம் பத்தி இந்த வாதத்திலிருந்து வந்தது.

இன்னொரு நிகழ்ச்சியும் இருந்தது. அதை அவர் வகுப்பில் சொல்லவில்லை, மகனிடம் வீட்டில் சொல்லியிருக்கிறார். மகன் குறிப்பேட்டில் எழுதி வந்து என்னிடம் காட்டினான். கண்ணாடிக் கதையைவிடப் பெரிய கதை அது. ஓர் இரவு நடந்த தவற்றையும், பணிப் பதிவேட்டில் அது யார் பெயரில் எழுதப்பட்டது என்பதையும் பற்றியது. இதற்கு மேல் இங்கும் எழுத மாட்டேன். படித்ததும் இதுதான் உரை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எழுத்தில் பதிவான ஒரு செய்தியை மேடையில் வேறு விதமாகச் சொன்னால், அந்தப் பதிவைச் செய்தவருக்கே சிக்கல் வரலாம். அதுவும் பணிக்கொடைக் கணக்கெல்லாம் முடிய வேண்டிய மாதம் அது. அவரிடமே கேட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். “புத்தகத்துல நான் எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும்” என்று அவர் சொல்லிவிட்டார். விட்டுவிட்டோம். கிடைத்தவற்றுள் மிகச் சிறந்ததை விட்டுவிட நேர்ந்ததை மாணவர்களிடம் நான் மறைக்கவில்லை. என்ன கதை என்று கேட்டார்கள், அந்த மாணவன் சொல்லவில்லை.

நான்காம் பாடவேளையில் எழுதத் தொடங்கினோம். எங்கள் வகுப்பில் நிதானமாகப் பேசிப் பார்த்தபோது நிமிடத்துக்கு ஏறத்தாழ தொண்ணூறு சொற்கள் வந்தன. அவருக்குக் கொடுத்திருந்தது நான்கு நிமிடம். நிறுத்தங்களையும் கைதட்டலையும் கழித்தால் முந்நூறு சொற்களுக்கு மேல் இடமில்லை. என் அறுநூறு சொற்களில் விளிப்புகளே முக்கால் நிமிடம் எடுத்தன. ‘அவர்களே, அவர்களே’ என்று அடுக்குவதை அடியோடு விடவும் முடியாது, தலைமை தாங்குபவரைத் தவிர்த்தால் அது மரியாதைக் குறைவாகிவிடும். தலைமை தாங்குபவர், ஓய்வுபெறுபவர், அவர் மனைவி, பிறகு எல்லாரும் என்று நான்கோடு நிறுத்தினோம்.

உரை நீளத்தால் சிறப்பதில்லை என்பதற்கு ஆபிரகாம் லிங்கனைச் சொன்னேன். 1861 பிப்ரவரி 11 அன்று குடியரசுத் தலைவர் பொறுப்பேற்க ஸ்பிரிங்ஃபீல்டு நகரைவிட்டுப் புறப்பட்டபோது, அவர் தொடர்வண்டியில் நின்று பேசிய விடைபெறும் உரை ஏறத்தாழ நூற்றைம்பது சொற்கள்தாம். கால் நூற்றாண்டு அங்கே வாழ்ந்ததையும், பிள்ளைகள் அங்கே பிறந்ததையும், அவர்களில் ஒருவன் அங்கே புதைக்கப்பட்டதையும் சொன்னார். அந்த ஊரை அழகானது என்றோ சிறந்தது என்றோ சொல்லவில்லை.

ஓர் எண்ணைச் சேர்க்க மாணவர்கள் விரும்பினார்கள். முப்பத்து நான்கு ஆண்டு என்பது கேட்பவர் காதில் நிற்காது, எத்தனை இரவு என்று சொல்லலாம் என்றான் ஒருவன். பருவத்துக்கு 150 நாள், அதில் மூன்றில் ஒரு பங்கு இரவுப் பணி என்றால் 50, முப்பத்து நான்கு ஆண்டுக்கு 1,700 இரவுகள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. தந்தையிடம் காட்டியபோது தலையை ஆட்டினார். மழை பொய்த்த ஆண்டுகளில் கரும்பு வராமல் அரவை சீக்கிரமே நின்றுபோகும் என்றார். “அந்தக் கணக்கு அங்க இருக்குற எல்லாருக்கும் தெரியுங்க. தப்பாச் சொன்னா சிரிப்பாங்க” என்றார். எண்ணை அடித்தோம். கணித ஆசிரியருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

எழுத்து வழக்கிலா, பேச்சு வழக்கிலா? முதல் வரைவு எழுத்து வழக்கில்தான் இருந்தது. அவர் படித்துப் பார்த்தபோது ‘கண்ணுற்றேன்’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். அவர் வாயில் வராத சொல்லை அவர் கையில் கொடுப்பது சரியில்லை என்று முழுதும் மாற்றினோம். எப்படி அழைப்பது என்பதும் பேசு பொருளானது. வேலையில் ‘சார்’, வெளியே தேநீர்க் கடையில் ‘அண்ணா’ என்று அழைப்பாராம். எதை வைப்பது என்று கேட்டபோது, “ரெண்டையும் வைக்கலாமே சார்” என்றான் அவர் மகன். முடிவு அதிலிருந்து கிடைத்தது. இறுதி வடிவம் இது:

“தலைமை தாங்குற ஐயா அவர்களுக்கும், சூப்பர்வைசர் சாருக்கும், முன்னால உட்கார்ந்திருக்குற அம்மாவுக்கும், நம்ம ஆளுங்க எல்லாருக்கும் வணக்கம்.

சார்கிட்ட திட்டு வாங்காதவங்க இங்க யாராவது இருந்தா கை தூக்குங்க. நானும் தூக்கலைங்க.

நான் பானுக்கு வந்து நாலாவது நாள், இராத்திரி ஷிப்ட். மீட்டரைப் பார்த்துட்டு, ‘எல்லாம் சரியா இருக்கு சார்’னு சொன்னேன். சார் ஒண்ணும் சொல்லலை. பாகை எடுத்துக் கண்ணாடியில தடவி என் கையில கொடுத்து, ‘என்ன தெரியுது?’ன்னாரு. ‘சர்க்கரை தெரியுது சார்’னேன். ‘சர்க்கரை உங்க வீட்டு டப்பாவுலயும் தெரியும். நல்லாப் பாரு’ன்னாரு. மூணாவது தடவை பார்க்கும்போதுதான், பெரிய மணிக்கு நடுவுல மாவு மாதிரி பொடி தெரிஞ்சுது.

அம்மா, அந்தப் பொடியை அப்படியே விட்டா சர்க்கரையும் பாகும் பிரியாது. சுடுதண்ணி விட்டுக் கரைச்சோம். முடிய அரை மணி நேரம் ஆச்சு. அப்புறம் வாங்குனேன் பாருங்க திட்டு, ‘பார்க்காம எதையும் சரின்னு சொல்லாதே’ன்னு.

உங்க வீட்டுக்கு ஒருநாள் வந்தப்ப, சார் காபியில போடறதுக்கு முன்னாடி சர்க்கரையை உள்ளங்கையில கொட்டிப் பார்த்தாரு. நீங்க, ‘இது என்ன பழக்கமோ’ன்னு சிரிச்சீங்க. இந்தப் பழக்கந்தாம்மா.

பத்தொன்பது வருஷத்துல சார் ஒருநாளும் பதிலை முதல்ல சொன்னதில்லை. ‘என்ன தெரியுது?’ன்னுதான் கேப்பாரு. போன வருஷம் புதுசா ஒரு பையன் வந்தான். கண்ணாடியை அவன் கையில கொடுத்துட்டு நானும் அதையேதான் கேட்டேன்.

வேலையில சார்னு கூப்பிட்டேன், டீக்கடையில அண்ணான்னு கூப்பிட்டேன். நாளையிலிருந்து ஒரே பேருதான். அண்ணா, அண்ணியோட எங்க வீட்டுக்கு வாங்க. சர்க்கரையை நீங்களே பார்த்துப் போட்டுக்கலாம். வணக்கம்.”

ஐந்தாம் பாடவேளை பேசிப் பழகுவதற்கு. அவரால் வர முடியவில்லை, மாணவர்கள் ஐவர் அவர் இடத்தில் நின்று பேசினார்கள். தாளைப் பார்த்துப் படித்தவர்களின் குரல் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இறங்கியது. கை தூக்கச் சொன்னபின் நிற்காமல் அடுத்த வரிக்குப் போனவனுக்குச் சிரிப்பே கிடைக்கவில்லை. அந்த இடத்தில் மனத்துக்குள் மூன்றுவரை எண்ண வேண்டும் என்று குறித்தோம். ‘அம்மா’ என்று வரும் பத்திகளில் மேடையிலிருந்து முன்வரிசைக்குப் பார்வை திரும்ப வேண்டும். கடைசியில் முழு உரைக்குப் பதிலாக ஓர் அட்டையில் ஆறு சொற்களை மட்டும் பெரிதாக எழுதிக் கொடுத்தோம்: கை, நாலாவது நாள், பொடி, காபி, புதுப் பையன், அண்ணா. சம்பவம் அவருடையது என்பதால் சொற்றொடரை மறந்தாலும் கதை மறக்காது. முழு உரையையும் மகன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், தேவைப்பட்டால் கொடுக்க.

விழாவுக்கு நான் போகவில்லை. மறுநாள் காலையில் இறைவணக்கக் கூட்டத்துக்கு முன்பே அவன் வந்துவிட்டான். யாரும் கை தூக்கவில்லையாம், மேடையில் இருந்த அதிகாரி ஒருவரும் சிரித்தாராம். பொடியைப் பற்றிச் சொன்னபோது அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாராம். ‘புதுப் பையன்’ முடிந்ததும் அவன் தந்தை அட்டையைப் பார்க்காமல் சற்று நேரம் நின்றிருக்கிறார். பிறகு, “இன்னொண்ணும் இருக்கு. அது சாருக்கும் எனக்கும் தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டு ‘அண்ணா’வுக்குப் போயிருக்கிறார். அந்த வரியை எங்களில் யாரும் எழுதவில்லை.

ஏற்புரைக்கு எழுந்த சூப்பர்வைசர் கையில் ஒரு தாள் இருந்ததாம். அதைப் பிரிக்காமலேயே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் அவன் தந்தையைத் தேடியிருக்கிறார். “அந்தப் புதுப் பையன் என்னப்பா சொன்னான்?” என்று கேட்டிருக்கிறார்.

“சர்க்கரை தெரியுதுன்னான் அண்ணா” என்று இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாராம்.